வெயிலில் டயப்பர் தொல்லை: கம்பெனியை மாற்றும் முன் எங்கே என்று பாருங்கள்

பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சித்திரை பிறந்ததும் பிரித்த டயப்பர் பாக்கெட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "தம்பி, இது குழந்தைக்குச் சேரலை, வேற கம்பெனி குடு" என்பார்கள். கத்திரி வெயில் முடியும்வரை இது ஓயாது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கே கசிந்தது, எங்கே சிவந்தது? அந்த இடம் தெரிந்தால் பெரும்பாலும் காரணமும் தெரிந்துவிடும். அளவு தப்பா, உறிஞ்சும் திறன் போதவில்லையா, தோலுக்கு ஆகவில்லையா என்று பிரித்துவிடலாம். பாதிப் பேருக்குப் புது பாக்கெட்டே தேவைப்படாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். டயப்பர், ஈரத்துணி, கிரீம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி: இரவில் கசிந்து துணி நனைகிறது

காலையில் கழற்றிய டயப்பரை உடனே சுருட்டி எறியாதீர்கள். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடங்களில் வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். அதே பாக்கெட்டில் உள்ள காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், வரும் கிராம் கணக்கு ஏறக்குறைய அத்தனை மில்லி சிறுநீர். ஆய் போகாத டயப்பராக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

### தொடைப் பக்கம் கசிந்தால்

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். தொடையைச் சுற்றி இரண்டு சுருக்கங்கள் இருக்கும். வெளியே இருப்பது மடங்கி உள்ளே போயிருந்தால், அதன் வழியாகவே சிறுநீர் துணிக்கு இறங்கிவிடும். மாட்டி முடித்ததும் தொடையைச் சுற்றி ஒரு விரலை ஓட்டி, வெளிச் சுருக்கத்தை வெளியே இழுத்து விடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொடைப் பக்கக் கசிவில் பெரும்பகுதி இதிலேயே நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். இங்கே கிடைக்கும் பேன்ட் வகைகள் பலவற்றில் எம் 7 முதல் 12 கிலோ, எல் 9 முதல் 14 கிலோ. அதனால் 10 கிலோ குழந்தைக்கு இரண்டுமே பொருந்தலாம். அங்கே முடிவு செய்வது தொடை. சுருக்கத்துக்கும் தொடைக்கும் நடுவில் உங்கள் விரல் தாராளமாகப் போய் வந்தால் டயப்பர் பெரிது, ஓர் அளவு குறையுங்கள். விரலே நுழையாமல், கழற்றி அரை மணி நேரம் கழித்தும் சிவந்த தடம் மறையாமல் இருந்தால் சிறிது, ஓர் அளவு ஏற்றுங்கள்.

### வயிற்றுப் பக்கமோ முதுகுப் பக்கமோ கசிந்தால்

கொளத்தூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேரனுக்கு எட்டு மாதம், எடை 9.2 கிலோ, போடுவது எம் அளவு பேன்ட். தினமும் விடியற்காலையில் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிடுகிறது. பகலில் ஒரு சொட்டுக்கூட வெளியே வருவதில்லை. இரண்டு கம்பெனி மாற்றியாகிவிட்டது, மூன்றாவது கேட்டு வந்திருந்தார்.

"குழந்தை எப்படிப் படுக்கும்மா?" என்று கேட்டேன்.

"மல்லாக்கப் போட்டாலும் குப்புறத் திரும்பிடுவான் தம்பி."

மறுநாள் நனைந்த டயப்பரை அழுத்திப் பார்க்கவும், எடை போடவும் சொல்லி அனுப்பினேன். காய்ந்தது 28 கிராம், நனைந்தது 210 கிராம். ஆக, இரவில் 182 மில்லி. முன்பக்கம் கல் போல் கனக்கிறது, பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காய்ந்தே இருக்கிறது என்றார். அதாவது டயப்பர் நிரம்பவில்லை. சிறுநீர் முழுக்க ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் தாங்காமல் மேல்வழியே வெளியேறியிருக்கிறது. குப்புறப் படுக்கும் ஆண் குழந்தைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். உறுப்பு மேல்நோக்கி இருக்கும்படி பேன்ட்டை ஏற்றிவிட்டால், போகும் சிறுநீர் நேராக இடுப்புப் பட்டைக்குத்தான் போகும்.

முதலில் செலவில்லாததைச் செய்தோம். போடும்போது உறுப்பைக் கீழ்நோக்கி விடுவது, முன்பக்கத்தைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றுவது, உள்ளாடையின் ஓரமோ சட்டையின் ஓரமோ டயப்பருக்குள் செருகிக்கொள்ளாமல் பார்ப்பது. அப்படி உள்ளே செருகிய துணி திரியாக வேலை செய்து ஈரத்தை மேலே இழுத்துவிடும். இதில் பாதி நாள் கசிவு நின்றது. மீதி நாளுக்கு, இரவு மட்டும் எல் அளவு போடச் சொன்னேன். 9.2 கிலோவுக்கு எல் அளவும் பொருந்தும், முன்பக்கத்தில் உறிஞ்சும் பகுதியும் கூடும். பையனின் தொடை கொழுகொழு என்பதால் அங்கே இடைவெளியும் விழவில்லை. அதோடு முடிந்தது. பகலுக்கு அதே எம் தான், கம்பெனியும் பழையதுதான்.

மல்லாந்து படுக்கும் குழந்தைக்கு முதுகுப் பக்கம் கசியும். அங்கேயும் இதே வரிசையில் பாருங்கள். பின்பக்கத்தை நன்றாக மேலே இழுத்துவிட்டீர்களா, இடுப்பில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, அதன் பிறகு அளவு.

### எல்லாப் பக்கமும் கனத்துப் போய்க் கசிந்தால்

இப்போதுதான் உறிஞ்சும் திறன் பக்கம் போக வேண்டும். விளம்பரத்தில் நீல நிறத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தூள் சாதாரணத் தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். உப்பு கலந்துவிட்டால் அதன் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிடும். சிறுநீரில் உப்பு உண்டு, அதனால் சோதனையும் உப்புத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும்.

200 மில்லி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். புது டயப்பரை விரித்து வைத்து, பால் பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்து 60 மில்லி ஊற்றுங்கள். ஆண் குழந்தைக்கு முன்பக்கம், பெண் குழந்தைக்கு நடுவில். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு 60, மறுபடி ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு 60. மொத்தம் 180 மில்லி, பல குழந்தைகளுக்கு ஓர் இரவுக் கணக்கு. உங்கள் குழந்தையின் காலை எடைக் கணக்கு வேறாக இருந்தால் அந்த அளவையே ஊற்றுங்கள்.

கடைசியாக ஊற்றி ஐந்து நிமிடம் ஆனதும், நான்காக மடித்த வெள்ளை வேட்டித் துண்டை ஈரமான இடத்தில் வைத்து, அதன் மேல் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை அரை நிமிடம் வையுங்கள். துண்டு லேசாகச் சில்லென்று இருந்தால் போதும், அது நல்ல டயப்பர். வட்டமாக நனைந்து அடுத்த மடிப்புக்கும் ஈரம் இறங்கியிருந்தால், குழந்தை உட்காரும்போது அதே ஈரம்தான் தோலில் ஏறுகிறது. கம்பெனியை மாற்ற இது நியாயமான காரணம். பெரிய பாக்கெட் வாங்கும் முன் சிறிய பாக்கெட் ஒன்று வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

## அறிகுறி: கசியவில்லை, ஆனால் கழற்றினால் தோல் நசநசவென்று இருக்கிறது

முதல் காரணம் நேரம். சென்னைப் புழுக்கத்தில் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவதுதான் சரி. ஆய் போனால் அந்த நிமிடமே. பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று பாக்கெட்டில் இருந்தால், அது சிறுநீரைத் தாங்கும் கணக்கு. வியர்வைக்கும் மலத்துக்கும் அந்தக் கணக்கு கிடையாது.

இரண்டாவது காரணம் நீங்கள் தடவுவது. கெட்டியான கிரீமோ எண்ணெயோ டயப்பரின் மேல்துணியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மேல்துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் தடவும் அளவைக் குறையுங்கள். புண் இல்லாத தோலுக்கு ஒவ்வொரு முறையும் கிரீம் வேண்டியதில்லை.

மூன்றாவது, வெளித்தாளில் காற்றுப் போகிறதா என்பது. எவர்சில்வர் டம்ளரில் பாதிக்கு வெந்நீர் ஊற்றி, காய்ந்த டயப்பரின் நடுப்பகுதியால் வாயை மூடுங்கள். அதன் மேல் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடங்களில் கண்ணாடியில் ஆவி படிந்தால் வெளித்தாள் மூச்சு விடுகிறது. துளிகூடப் படியவில்லை என்றால் அது முழு பிளாஸ்டிக். மார்கழியில் சமாளித்துவிடலாம், மே மாதத்தில் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

## அறிகுறி: தோல் சிவக்கிறது

வெளிச்சம் உள்ள இடத்தில் குழந்தையைப் படுக்க வைத்து, தொடை மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. நிறம் அடர்ந்திருப்பது, பளபளப்பு, தொட்டால் அழுவது ஆகியவற்றை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

### மேடான இடங்களில் சிவப்பு, மடிப்புக்குள் இல்லை

பிட்டத்தின் மேடு, தொடையின் உள்பக்கம், அடிவயிறு என்று டயப்பர் உரசும் இடங்களில் மட்டும் சிவந்திருந்தால் அது ஈரமும் மலமும் செய்த வேலை. இதுதான் அதிகம் வருவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாசனை போட்ட ஈரத்துணியை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள், துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தினமும் இரண்டு, மூன்று வேளை, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம் டயப்பர் இல்லாமல் ரப்பர் ஷீட்டின் மேல் பருத்தித் துணி போட்டு ஃபேன் காற்றில் விடுங்கள்.

பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கிரீம். ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி, தோல் தெரியாத கனத்துக்குப் பூச வேண்டும். இங்கே கஞ்சத்தனம் கூடாது. அடுத்த முறை மாற்றும்போது முழுவதையும் சுரண்டி எடுக்காதீர்கள், மலம் ஒட்டிய மேல் அடுக்கை மட்டும் நீக்கிவிட்டு மேலே பூசுங்கள். தேய்த்துத் தேய்த்து எடுப்பதில்தான் பல குழந்தைகளுக்குத் தோல் உரிகிறது. பவுடர் வேண்டாம். டால்கம் பவுடர் குழந்தையின் மூச்சுக்குள் போகும், ஈரத்தோடு சேர்ந்து மடிப்பில் கட்டியாகவும் நிற்கும்.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, தோல் உரிந்து நீர் வடிகிறது, கொப்புளமோ சீழோ தேன் நிறப் பொருக்கோ தெரிகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஒரு மாதம் நிறையாத குழந்தை என்றால் இந்த இரண்டு நாள் காத்திருப்பும் வேண்டாம்.

### மடிப்புக்குள்ளும் சிவப்பு, சுற்றிலும் சிறு புள்ளிகள்

மடிப்புக்குள் அடர்ந்த சிவப்பு, அதன் ஓரத்தைத் தாண்டித் தனித்தனியாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தாலோ, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தாலோ சந்தேகம் வலுக்கும். ஜிங்க் கிரீமால் மட்டும் இது போகாது, டயப்பர் கம்பெனியை மாற்றியும் போகாது. மருத்துவர் பார்த்துப் பூஞ்சைக்கான கிரீம் எழுதுவார், பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் வகை. சிவப்பு மறைந்ததும் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். மருந்து முதலில், ஜிங்க் அதன் மேல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று மூன்று மருந்து கலந்த கிரீமை வாங்கிப் போடாதீர்கள். அட்டையில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு வெளுத்து, குணமானது போலத் தெரியும். ஆனால் டயப்பரின் மூடாப்புக்குள் அந்த மருந்து உடம்புக்குள் அதிகமாக இறங்கும், தோல் மெலியும், பூஞ்சை உள்ளே இருந்து திரும்பக் கிளம்பும். சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

### இடுப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக

இடுப்புப் பட்டைக்கு அடியிலும் முதுகின் கீழேயும் கடுகு அளவுக்கும் குறைவான பொரிகள் என்றால் வேர்க்குரு. கழுத்திலும் அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உறுதி. பேன்ட் வகையில் பட்டை இடுப்பு முழுக்கச் சுற்றி வரும், வியர்வைக்குப் போக வழியில்லை. ஒட்டுப்பட்டை வகைக்கு மாறினால் இடுப்பில் சுருக்கம் குறையும், இறுக்கத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில், வீட்டில் இருக்கும் பகல் பொழுதில், பருத்தி லங்கோடுதான் என் முதல் யோசனை. துவைக்கிற வேலை கூடும், ஆனாலும் அந்த மூன்று வாரத்துக்கு அது தகும். எண்ணெயோ கெட்டிக் கிரீமோ வேர்க்குருவின் மேல் தடவாதீர்கள், வியர்வைத் துளை இன்னும் அடைபடும்.

### பட்டையின் வடிவத்திலேயே சிவப்பு

இடுப்பின் இரு பக்கமும், தொடை ஓரத்திலும், எலாஸ்டிக் படுகிற இடத்தை வரைந்த மாதிரி சிவந்து அரித்தால் அந்தப் பொருள் ஒவ்வாமல் இருக்கலாம். உண்மையிலேயே கம்பெனியை மாற்ற வேண்டிய இடம் இதுதான். முதலில் இறுக்கமா என்று பாருங்கள். இறுக்கத் தடம் கழற்றிய அன்றே மறைந்துவிடும், ஒவ்வாமைச் சிவப்பு மறுநாளும் நிற்கும். சாயப் படமும் வாசனையும் இல்லாத வேறு ஒன்றுக்கு மாறி ஒரு வாரம் பாருங்கள். அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவர்.

### ஆசனவாயைச் சுற்றி மட்டும்

வயிற்றுப்போக்கு இருந்தால் அதனால்தான், ஜிங்க் போதும். வயிற்றுப்போக்கு இல்லாமல், கோடு கிழித்த மாதிரி பளிச்சென்ற சிவப்பு வளையம், ஆய் போகும்போது அழுகை, மலத்தில் ரத்தக் கோடு என்றால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், கிரீமால் தீராது. வாயைச் சுற்றியும் அதே போன்ற புண் இருந்தால் துத்தநாகக் குறைபாடாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே மருத்துவர்தான்.

## அறிகுறி: தோலில் கண்ணாடி போன்ற ஜெல் மணிகள்

டயப்பர் கொள்ளளவைத் தாண்டி ஊறி, உள்ளே கிழிந்திருக்கிறது. மணிகள் தோலுக்குக் கெடுதல் இல்லை. ஈரத்துணியால் துடைத்துக் கழுவுங்கள், குழந்தை வாயில் போடாமல் பாருங்கள். இனி ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றுங்கள்.

## அறிகுறி: டயப்பர் நனையவே இல்லை

"இந்த டயப்பர் ரொம்ப நல்லாருக்கு, மத்தியானம் வரைக்கும் காய்ஞ்சே இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றம் வந்துவிடும். வெயில் காலத்தில் காய்ந்த டயப்பர் என்றால் குழந்தை உடம்பில் நீர் குறைகிறது என்று அர்த்தமாகலாம்.

மஞ்சள் கோடு நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு இல்லாத வகையில் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்தால் நனைந்ததா என்று தெரியும். தராசு இருந்தால் இன்னும் நல்லது. 8 கிலோ குழந்தைக்கு ஆறு மணி நேரத்தில் 50 மில்லியாவது வர வேண்டும். காய்ந்த எடையை விட 50 கிராம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைக்கு ஒரு நாளில் ஆறு டயப்பராவது நனைய வேண்டும்.

குறைந்திருந்தால் முதல் வேலை பால். ஆறு மாதம் வரை எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான், இன்னும் அடிக்கடி கொடுங்கள். தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பாலோடு காய்ச்சி ஆறிய தண்ணீரும் இடையிடையே கொடுக்கலாம். வயிற்றுப்போக்கும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து.

ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வாய் காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, எழுப்பினாலும் துவண்டு விழுகிறது என்றால் இதில் ஒன்று இருந்தாலே கிளம்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இரவு பகல் எந்நேரமும் அவசரப் பிரிவு உண்டு. வண்டி கிடைக்கவில்லை என்றால் 108. போகும்போது கடைசியாகக் கழற்றிய டயப்பரை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குப் போட்டது என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள்.